மூன்றாவது மாடி, முழங்கால் வலி: தரைத்தள வீடு கேட்டு உரிமையாளருக்கு எப்படி எழுதுவது?

வாசகி கேள்வி:

டாக்டர், எனக்கு 61 வயது, எடை 72 கிலோ. ஒன்பது வருடமாக ஒரே கட்டடத்தில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். லிஃப்ட் இல்லை, மொத்தம் 54 படி. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். வலது கால்தான் மோசம், ஆனால் ஆறு மாதமாக இடதும் வலிக்கிறது. இறங்கும்போது உயிர் போகிறது. ஏறுவதுகூடப் பரவாயில்லை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. கட்டடம் முழுக்க ஒரே உரிமையாளருடையது. இரண்டு மாதத்தில் தரைத்தளத்தில் ஒரு வீடு காலியாகிறது. "முட்டி வலி, கீழ் வீடு தாருங்கள்" என்று ஒரு செய்தி அனுப்பினேன், "பார்க்கலாம்" என்றார். மகன் எக்ஸ்ரே, ரிப்போர்ட் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பச் சொல்கிறான். தங்கையோ, "விழுந்தால் நீங்கதான் பொறுப்பு" என்று எழுதினால்தான் பயப்படுவார் என்கிறாள். நோயாளி என்று தெரிந்தால் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். சட்டப்படி அவர் தந்தே ஆக வேண்டாமா? இந்தப் படிக்கட்டால்தானே எனக்கு மூட்டு தேய்ந்தது?

பதில்:

அம்மா, இறங்கும்போதுதான் வலி அதிகம் என்று நீங்கள் சொல்வதை நான் முழுசாக நம்புகிறேன். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தின் உயிரும் அங்கேதான் இருக்கிறது.

சமதரையில் நடக்கும்போது முழங்கால் மூட்டில் விழும் சுமை, நம் உடல் எடையைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. படி ஏறும்போது அது மூன்று மடங்கைத் தாண்டுகிறது. இறங்கும்போது மூன்றரை மடங்குக்குப் பக்கத்தில் போகிறது. செயற்கை மூட்டுக்குள்ளேயே அளக்கும் கருவியை வைத்து எடுத்த கணக்கு இது. உங்கள் 72 கிலோவுக்குப் போட்டுப் பார்த்தால், இறங்கும் ஒவ்வொரு படியிலும் ஒரு முழங்காலில் சுமார் 250 கிலோ. போதாததற்கு, கால் மடங்கி இருக்கும்போது முழங்கால் சில்லு தொடை எலும்போடு அழுந்துகிறது. அந்த இடத்தில் தேய்மானம் இருப்பவர்களுக்கு சமதரையில் பெரிதாக வலிக்காது, படியில்தான் வலிக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். இறங்கும்போது உடலைத் தாங்கி மெதுவாகக் கீழே இறக்கிவிடுவது மேல்படியில் நிற்கும் கால்தான், கீழே போகிற கால் இல்லை. நீங்கள் வலிக்கும் வலது காலை முதலில் கீழே வைத்து இறங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன், எல்லோரும் தானாகவே அப்படித்தான் செய்வார்கள், சரியான முறையும் அதுதான். ஆனால் அப்போது ஒவ்வொரு படியிலும் அந்த வேலை இடது காலுக்குப் போகிறது. ஏறும்போதும் இடது கால்தான் முதலில் போய் உடலை மேலே இழுக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு முறை வெளியே போய் வந்தால் 216 படி, அதில் ஏறக்குறைய எல்லாம் இடது கால் தலையில். ஆறு மாதமாக இடதும் வலிக்கிறது என்கிறீர்களே, அதற்கு இது ஒரு காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தரைத்தளம் கேட்பதற்கு என் பார்வையில் இதுவே வலுவான மருத்துவக் காரணம். வலது காலைக் காப்பாற்ற இடது காலைச் செலவழித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

படிக்கட்டு மேல் பழி போடாதீர்கள்

இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். படி ஏறி இறங்கியதால் மூட்டு தேய்ந்தது என்று எந்த மருத்துவரும் உறுதியாக எழுதித் தர மாட்டார். வயது, உடல் எடை, குடும்ப வாகு, பழைய அடி, காலின் வளைவு என்று பல காரணங்கள் சேர்ந்து வருவது அது. உங்களைப் போல ஒன்பது வருடம் அதே படியில் ஏறி இறங்கி, ஒன்றும் ஆகாத அக்கம்பக்கத்தவர்களும் அந்தக் கட்டடத்திலேயே இருப்பார்கள். படிக்கட்டு வலியைத் தூண்டுகிறது, அது உண்மை. படிக்கட்டுதான் நோயைக் கொண்டுவந்தது என்று எழுதினால் உரிமையாளர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் மனநிலைக்குப் போய்விடுவார். அப்புறம் வீட்டைப் பற்றிய பேச்சு நின்றுபோய் யார் குற்றவாளி என்ற பேச்சு ஆரம்பித்துவிடும்.

தங்கை சொன்ன "விழுந்தால் நீங்கதான் பொறுப்பு" என்ற வரிக்கும் இதுவே பதில். உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் அந்த வரியைப் படிக்கிற உரிமையாளர், இவரைக் கீழே மாற்றுவதைவிட இவர் இந்தக் கட்டடத்திலேயே இல்லாமல் இருப்பது நல்லது என்று நினைக்கத்தான் வழி அதிகம். நீங்கள் பயப்படுவதும் அதற்குத்தானே?

சட்டம் எதுவரை வரும்

நான் மருத்துவர், வழக்கறிஞர் இல்லை. ஆனால் இந்த மாதிரிச் சான்றுகள் நிறைய எழுதிக் கொடுத்திருப்பதால் அடிப்படை தெரியும். 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் 'நியாயமான மாற்றம்' என்ற கருத்து இருக்கிறது. ஒருவருடைய உடல்நிலைக்குத் தேவையான, பொருத்தமான மாற்றத்தைச் செய்து தர வேண்டும், மறுப்பதும் பாகுபாட்டின் ஒரு வகைதான் என்கிறது அது. ஆனால் அதே வாக்கியத்திலேயே ஒரு எல்லையும் இருக்கிறது: செய்து தருகிறவருக்கு அது அளவுக்கு மீறிய சுமையாகக் கூடாது.

உங்கள் விஷயத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்றால், இப்போது கீழே குடியிருப்பவரை வெளியேற்றி உங்களுக்குத் தரச் சொல்ல முடியாது. தானாகக் காலியாகிற வீட்டை முதலில் உங்களுக்குத் தரச் சொல்லிக் கேட்பது மிக நியாயமான கோரிக்கை. அதை ஒரு தனியார் உரிமையாளர் மறுக்கவே முடியாதா, மூட்டுத் தேய்மானம் சட்டத்தின் கண்ணில் மாற்றுத்திறனாகக் கணக்கில் வருமா என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். பொதுவாகப் பார்க்கப்படுவது நோயின் பெயரைவிட, நீண்ட காலமாக இருக்கிறதா, அன்றாட வாழ்க்கையைக் கணிசமாகத் தடுக்கிறதா என்பதுதான். அதனால் "தந்தே ஆக வேண்டும்" என்று ஆரம்பிக்காதீர்கள். சட்டத்தை முதல் கடிதத்தில் இழுக்கவே வேண்டாம். மறுத்தால், எழுத்தில் மறுத்தால், அந்தக் கடிதத்தையும் மறுப்பையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த ஒருவரைப் பாருங்கள். அப்போது உங்கள் கையில் இருக்கும் கடிதம் நிதானமானதாக, தேதி போட்டதாக, மருத்துவர் சான்றோடு இருந்தால் அவருக்கு வேலை சுலபம்.

எக்ஸ்ரே வேண்டாம், இரண்டு வாரக் குறிப்பு வேண்டும்

மகன் அன்பால் சொல்கிறார், ஆனால் எக்ஸ்ரே இங்கே உதவாது. எக்ஸ்ரேயில் தேய்மானத்தை 0 முதல் 4 வரை கிரேடு போடுகிறோம். கிரேடு 4 இருந்தும் ஓரளவு நன்றாக நடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், கிரேடு 2-இல் கண்ணீர் விடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். படத்துக்கும் வலிக்கும் நேர்கோட்டு உறவு கிடையாது. உரிமையாளருக்கு அந்தப் படத்தைப் பார்த்து ஒன்றும் புரியாது. ரிப்போர்ட் கட்டை முழுசாகக் கொடுத்தால் உங்கள் சர்க்கரை, இரத்த அழுத்தம், வேறு என்னென்னவோ அவர் கைக்குப் போகும். அது அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

அவருக்குத் தெரிய வேண்டியது, இந்தப் படிக்கட்டில் உங்களால் என்ன முடியவில்லை என்பது மட்டும். அதற்கு ஒரு சின்ன நோட்டில் இரண்டு வாரம் எழுதுங்கள்: அன்று எத்தனை முறை இறங்கி ஏறினீர்கள், எத்தனை இடத்தில் நின்றீர்கள், மூன்று மாடிக்கும் எத்தனை நிமிடம் ஆனது, வலி பத்துக்கு எத்தனை, எந்த வேலைக்குப் போகாமல் விட்டீர்கள். கடைசியாகச் சொன்னதை எல்லோரும் மறந்துவிடுவார்கள். இறங்க வேண்டுமே என்று நினைத்து மருந்து வாங்கப் போகாமல் விட்ட ஒரு நாள், பத்துக்கு எட்டு என்ற வலி எண்ணைவிட அதிகம் சொல்லும்.

நல்ல நாட்களையும் மறைக்காமல் எழுதுங்கள். தேய்மானம் நாளுக்கு நாள் ஏறி இறங்கும் நோய். "என்னால் நடக்கவே முடியாது" என்று எழுதிவிட்டு, ஒரு நல்ல நாளில் கையில் பையோடு நீங்கள் ஏறி வருவதை உரிமையாளர் பார்த்தால் அவ்வளவுதான், கடிதம் முழுக்கப் பொய்யாகத் தெரியும். "வாரத்தில் நாலைந்து நாள் இப்படி, மற்ற நாட்களில் மெதுவாகச் சமாளிக்கிறேன்" என்பது உண்மை, அதை யாரும் உடைக்க முடியாது.

அந்த நோட்டோடு உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் போய் ஒரு சான்று கேளுங்கள். வெறுமனே "சான்று வேண்டும்" என்றால் "மூட்டுத் தேய்மானம், ஓய்வு தேவை" என்று ஒரு வரி எழுதித் தந்துவிடுவார், அது பயன்படாது. "இரண்டு முழங்காலிலும் நாள்பட்ட மூட்டுத் தேய்மானம். தினமும் பலமுறை மாடிப்படி ஏறி இறங்குவது வலியைக் கூட்டுகிறது, தடுமாறி விழும் அபாயத்தையும் கூட்டுகிறது. படி இல்லாத அல்லது மிகக் குறைந்த படி உள்ள வீடு மருத்துவ ரீதியாகப் பரிந்துரைக்கப்படுகிறது" என்ற பொருளில், தேதியோடும் கையெழுத்தோடும் கேளுங்கள். அவ்வளவு போதும்.

கடிதம் இப்படி இருக்கலாம்

நீங்கள் அனுப்பிய செய்திக்கு "பார்க்கலாம்" என்ற பதில் வந்ததில் ஆச்சரியம் இல்லை. எந்த வீடு, எப்போது, வாடகை என்ன, மேல் வீடு என்ன ஆகும் என்று எல்லாக் கேள்வியும் அவர் தலையில் விழுந்தது. அந்தக் கேள்விகளுக்கு நீங்களே பதில் எழுதிக் கொடுத்துவிட்டால் அவர் செய்ய வேண்டியது சரி என்று சொல்வது ஒன்றுதான். நான் எழுதினால் இப்படி எழுதுவேன், எண்களை உங்கள் நோட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்:

> மதிப்பிற்குரிய ஐயா,
>
> மூன்றாவது மாடியில் ஒன்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். தரைத்தளத்தில் இரண்டு மாதத்தில் காலியாகவிருக்கும் வீட்டை எனக்கு மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம்.
>
> எனக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம் இருக்கிறது. என் வீட்டுக்கு 54 படிகள். வாரத்தில் நான்கைந்து நாட்கள் ஒவ்வொரு மாடியிலும் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க முடிகிறது. கீழே வர பத்து நிமிடம் ஆகிறது. கடந்த இரண்டு வாரத்தில் மூன்று நாட்கள் வலியால் வெளியே வரவே இல்லை. சமதரையில் என்னால் யார் துணையும் இல்லாமல் நடக்கவும் வீட்டு வேலைகளைச் செய்யவும் முடிகிறது. படிதான் சிரமம். மருத்துவரின் சான்றை இணைத்திருக்கிறேன்.
>
> அந்த வீட்டுக்கு நீங்கள் இப்போது வாங்கும் வாடகையைத் தரத் தயார். வீடு மாறும் செலவு என்னுடையது. என் வீட்டைச் சுத்தம் செய்து ஒப்படைக்கிறேன், புதிதாக வருபவர்களுக்குக் காட்டவும் ஒத்துழைக்கிறேன். நான் கொடுத்திருக்கும் முன்பணத்தைப் புதிய வீட்டுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று தெரிவியுங்கள்.
>
> அந்த வீடு ஏற்கெனவே வேறு ஒருவருக்குப் பேசப்பட்டிருந்தால், அடுத்து காலியாகும் தரைத்தள அல்லது முதல் மாடி வீட்டுக்கு என்னை முதலில் கருதும்படி கேட்டுக்கொள்கிறேன். இதைப் பற்றி நேரில் பேசவும் தயார். இரண்டு வாரத்துக்குள் உங்கள் பதிலை எழுத்தில் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.
>
> இப்படிக்கு,
> (பெயர், வீட்டு எண், தேதி)

"சமதரையில் என்னால் நடக்க முடிகிறது" என்ற வரியை எடுத்துவிடாதீர்கள். நோயாளி என்றால் காலி செய்யச் சொல்வாரோ என்ற உங்கள் பயத்துக்கு மருந்து அந்த வரிதான். இவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்குமோ, வாடகை ஒழுங்காக வருமோ என்றெல்லாம் அவர் யோசிப்பதற்கு அங்கே முற்றுப்புள்ளி விழுகிறது. வாடகை பற்றிய வரியை மட்டும் உங்கள் வசதி பார்த்து எழுதுங்கள். கீழ் வீட்டின் வாடகை அதிகமாக இருந்து கட்டுப்படியாகாது என்றால், "வாடகை பற்றிப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்பது போதும். கடிதத்தின் நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், கையில் கொடுத்தால் அன்றே அதே கடிதத்தைப் படமெடுத்துச் செய்தியாகவும் அனுப்புங்கள், தேதி பதிவாகிவிடும்.

அவர் வாயால் "சரி" என்று சொன்னவுடன் மூன்றாவது மாடியைக் காலி செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். தரைத்தள வீடு எந்தத் தேதியிலிருந்து, என்ன வாடகைக்கு, எத்தனை காலத்துக்கு என்று எழுத்தில் வந்த பிறகுதான் அது. சரி என்று சொல்லிவிட்டு மனம் மாறினால் இரண்டு வீடும் இல்லாமல் நிற்க வேண்டி வரும்.

கீழ் வீட்டைப் போய்ப் பாருங்கள்

தரைத்தளம் என்றாலே படி இல்லை என்று அர்த்தம் இல்லை. வாசலில் நாலைந்து படி இருக்கும், பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்காது. 54 படிக்கு நாலு படி பெரிய விடுதலைதான், இருந்தாலும் அங்கே ஒரு கைப்பிடிக் கம்பி போட அனுமதி கேட்டு வையுங்கள். குளியலறை வாசலில் உயரமான தடுப்பு இருக்கிறதா, தரை வழுக்குகிறதா என்று பாருங்கள். கழிப்பறை இருக்கை தாழ்வாக இருந்தால் ஒவ்வொரு முறை எழும்போதும் படி ஏறுவது போன்ற வலிதான். உட்காரும்போது இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் மேலே பொருத்தும் உயர்த்தி கிடைக்கிறது, பக்கத்தில் ஒரு கம்பியும் வேண்டும். இதையெல்லாம் முதல் கடிதத்தில் அடுக்க வேண்டாம், அவர் ஒத்துக்கொண்ட பிறகு பேசலாம்.

அங்கே போன பிறகு நடக்கிற ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். படி நின்றதும் வலி குறையும், சில மாதம் நன்றாக இருக்கும், அப்புறம் நாற்காலியிலிருந்து எழுவதே கஷ்டமாகிவிட்டது என்று திரும்பி வருவார்கள். படி ஏறுவதுதான் அவர்களுடைய தொடைத் தசைக்கு இருந்த ஒரே வேலை, அதுவும் நின்றுபோனதால் தசை இளைத்துவிட்டது. முழங்காலைத் தாங்குவதில் தொடையின் முன்தசைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதனால் இப்போதிருந்தே கொஞ்சம் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, முடிந்தவரை கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள், பத்து முறை, நாளைக்கு இரண்டு வேளை. செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை, மறுநாள் வரை வலி கூடியே இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்து உங்களுக்கென்று பயிற்சி வாங்கினால் இன்னும் நல்லது.

வீடு மாறும் வரை இந்த 54 படியும் இருக்கத்தான் செய்யும். ஏறும்போது இடது கால் முதலில், இறங்கும்போது வலது கால் முதலில், ஒரு படியில் இரண்டு காலும் சேர்ந்த பிறகே அடுத்த படி. ஒரு கை எப்போதும் கம்பியில். சமதரையில் கைத்தடியை இடது கையில் பிடியுங்கள், வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கம். வெளி வேலைகளைச் சேர்த்து வைத்து ஒரே முறையில் முடித்தால் 216 படி 108 ஆகிவிடும், சாமான்களை மேலே கொண்டுவர யாரையாவது கேளுங்கள். முழங்கால் திடீரென்று வீங்கிச் சூடாகச் சிவந்தாலோ, மடக்கவோ நீட்டவோ முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, காலை இறுக்கம் அரை மணிக்கு மேல் நீடித்தாலோ வீடு மாறும் வரை காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள், அது வெறும் தேய்மானமாக இல்லாமலும் இருக்கலாம்.

நாளைக் காலையிலேயே நோட்டை ஆரம்பித்துவிடுங்கள். இரண்டு வாரக் குறிப்பு, அப்புறம் மருத்துவர் சான்று, உடனே கடிதம். பதிலுக்கு இரண்டு வாரம் கொடுத்தாலும் வீடு காலியாவதற்குள் இன்னொரு முறை எழுதிக் கேட்க நேரம் இருக்கும்.